ஐந்து நாளில் கோப்பை கைக்கு வருமா? மண்பாண்டப் பயிற்சி விடுமுறை – கேள்வி பதில்

அக்கா, அஞ்சு நாள் லீவு இருக்கு. தங்கிப் படிக்கிற மண்பாண்டப் பயிற்சிக்குப் பணம் கட்டப் போறேன். இதுவரை மண்ணைத் தொட்டதில்லை. நான் செஞ்ச கோப்பையோட வீடு திரும்பணும், அவ்வளவுதான் ஆசை.

சுட்டு மெருகேறிய கோப்பையோடு திரும்ப முடியாது. பணம் கட்டும் முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது. காரணம் உங்கள் கை இல்லை, மண்ணில் இருக்கும் தண்ணீர்.

முதல் நாள் மண்ணைப் பிசைவதிலும், சுற்றும் சக்கரத்தில் அதை ஆடாமல் நடுவில் நிறுத்துவதிலும் போய்விடும். புதியவருக்கு அரை கிலோ அளவு உருண்டைதான் கொடுப்பார்கள். அதற்கு மேல் போனால் மண் உங்களைத் தள்ளும். இரண்டாம் நாள் மாலைக்குள் கோப்பை என்று சொல்லக்கூடிய ஒன்றிரண்டு நிற்கும். ஆனால் அவை ஈரமாக, அடி கனத்து இருக்கும். அடியைச் சீவ வேண்டுமானால் இரவு முழுக்கப் பிளாஸ்டிக் தாளைத் தளர்வாகப் போட்டு மூடி வைத்துக் காத்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் பதம் வந்துவிட்டதா என்று கையாலேயே பார்க்கலாம். நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரலில் மண் ஒட்டக் கூடாது, கவிழ்த்து வைத்தால் விளிம்பு நெளியக் கூடாது. அந்தப் பதத்தில்தான் அடி சீவுவதும் கைப்பிடி ஒட்டுவதும். கைப்பிடி மெல்லியது, உடலை விடச் சீக்கிரம் காயும். அப்படியே திறந்து போட்டால் ஒட்டிய இடத்தில் மயிரிழை போல விரிசல் ஓடும். அதனால் கைப்பிடியை மட்டும் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, மெதுவாகக் காய விட வேண்டும்.

அப்புறம் முழுசாக உலர வேண்டும். வெயிலும் ஈரப்பதமும் எப்படியோ அதைப் பொறுத்து நான்கைந்து நாளும் ஆகலாம், ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். உலர்ந்ததை முதலில் ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள். சூளையை மெதுவாக ஏற்றி, தானாக ஆற விட்டுத் திறக்கவே ஒன்றரை நாள் போய்விடும். பிறகு சூட்டில் கண்ணாடி போலப் படியும் கிளேஸ் பூசி மறுபடி சுட வேண்டும். கல் போன்ற கெட்டிப் பாண்டம் என்றால் 1200 டிகிரிக்கு மேலே போகும், ஆறுவதற்கும் அதே மாதிரி நேரம். மொத்தமாகப் பார்த்தால் சக்கரத்திலிருந்து எடுத்த நாள் முதல் இரண்டு மூன்று வாரம். கோப்பையும் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சுருங்கியிருக்கும். செய்யும்போதே கொஞ்சம் பெரிதாகச் செய்யுங்கள்.

ஆகவே பயிற்சி நடத்துபவரிடம் ஒரே ஒரு கேள்வி: "நான் போன பிறகு யார் சுடுவார்கள், எப்படி எனக்கு வந்து சேரும்?" இதற்குத் தெளிவான பதில் வைத்திருப்பவர் வேலை தெரிந்தவர். "அஞ்சு நாளில் எல்லாம் முடிந்துவிடும்" என்று சொன்னால், பெரும்பாலும் நீங்கள் கிளேஸ் பூசப்போவது அவர்கள் முன்பே செய்து ஒருமுறை சுட்டு வைத்த பாத்திரத்துக்கு. அதுவும் கற்றல்தான், ஆனால் அது உங்கள் கோப்பை இல்லை. ராக்கு என்ற விரைவுச் சூட்டு முறையில் ஒரே நாளில் சுட்டு எடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் அங்கேயும் ஏற்கனவே ஒருமுறை சுட்ட பாத்திரம்தான் உள்ளே போகும். வெளியே வருவதும் பெரும்பாலும் தண்ணீர் கசியும், அன்றாடம் குடிக்க ஏற்றதில்லை.

வார இறுதி ரெண்டு நாள் போதுமா?

சக்கரத்துக்குப் போதாது. கையால் கிள்ளி எடுக்கும் கிண்ணம், மண்ணைத் திரியாக உருட்டிச் சுற்றிக் கட்டும் பானை இரண்டுக்கும் போதும். சுடுவதை மேலே சொன்னபடி கேட்டு வையுங்கள்.

நான் ரெண்டு வருஷமா வாரம் ஒரு மாலை வகுப்புக்குப் போறேன். விண்ணப்பத்தில் 'உயர்நிலை'ன்னு போடலாமா? அங்கே தனியா சூளை ஏத்தக் கத்துக்கொடுக்கறாங்களாம்.

வருஷக் கணக்கை விடுங்கள். வாரம் ஒரு மாலை என்பதில் சுத்தம் செய்யவும் காத்திருக்கவும் போக, சக்கரத்தில் கை வைத்த நேரம் எவ்வளவு என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன்.

ஒரு கிலோ மண் எடுங்கள். யாருடைய உதவியும் இல்லாமல் இரண்டு மூன்று நிமிடத்தில் நடுவில் நிறுத்துங்கள். பிறகு சுவர் நேராக நிற்கும் உருளை ஒன்றை 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு இழுங்கள். இழுத்து முடித்ததும் கம்பியால் மேலிருந்து கீழாக நடுவே அறுங்கள். மனசு கேட்காது, இருந்தாலும் அறுங்கள். வெட்டுமுகத்தைப் பார்த்தால் எல்லாம் தெரியும். அடியில் விரல் தடிமன், மேலே காகிதம் போல என்றால் இன்னும் ஆரம்ப நிலை. அடி முதல் விளிம்பு வரை ஏறக்குறைய ஒரே கனம், ஐந்தாறு மில்லிமீட்டர் வந்து, அதே மாதிரி அடுத்தடுத்து மூன்று எடுக்க முடிந்தால் நடுநிலை. உயர்நிலை என்றால் கேட்ட அளவுக்கு, கேட்ட வடிவத்துக்கு, ஒரே மாதிரி ஆறு வர வேண்டும்.

நிலையைக் கூட்டிச் சொல்லி உள்ளே போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே ஆசிரியர் இரண்டு கிலோ மண்ணைக் கொடுப்பார், அது ஆடிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் இருப்பவர் நான்காவது ஜாடியில் இருப்பார். ஆசிரியர் உங்களுக்காக நிறுத்தவும் முடியாது, உங்களை விட்டுப் போகவும் முடியாது. குறைத்துச் சொன்னால் இழப்பு ஒரு நாள், கூட்டிச் சொன்னால் வாரமே போச்சு.

ரெண்டு நாள் பயிற்சியில் ஜாடி செய்ய முடியுமா அக்கா?

மேலே இரண்டாவது கேள்வியைப் பாருங்கள்.

மண்ணுக்குள்ள காத்துக்குமிழி இருந்தா சூளையில் வெடிச்சு, மத்தவங்க பாத்திரத்தையும் உடைச்சிடும்னு என் ஆசிரியர் சொன்னார். அதுக்காகவே பிசையறதை நல்லா கத்துக்கணும்னு சேரப் போறேன்.

பிசைவதைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் காரணம் வேறு. வெடிக்க வைப்பது காற்று இல்லை, உள்ளே மிஞ்சிய தண்ணீர். 100 டிகிரியைத் தாண்டும்போது அது நீராவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரிகிறது. சுவர் கனமாக இருந்து ஆவிக்கு வெளியே வழி இல்லையென்றால் தெறிக்கும். நன்றாக உலர்ந்த பாத்திரத்தில் குமிழி இருந்தாலும் ஒன்றும் ஆகாது. உலர்ந்ததா என்று அறிய பாத்திரத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் தண்ணீர் இன்னும் இருக்கிறது.

பிசைவது எதற்கு என்றால், குமிழி சக்கரத்தில் கையைத் தட்டிவிடும். மண்ணும் ஓர் இடத்தில் கெட்டி, ஓர் இடத்தில் இளக்கம் என்று இல்லாமல் சீராகும்.

மேலே சொன்னதை ஒத்துக்க முடியலை. நான் செய்த ஒரு பறவைப் பொம்மை உள்ளே காத்து அடைச்சதாலதான் துண்டு துண்டாச்சு. கண்ணால பார்த்தேன்.

பொம்மை உடைந்ததை நம்புகிறேன். அதன் தலையும் கழுத்தும் எவ்வளவு கனம்? பொம்மை செய்பவர்கள் பெரும்பாலும் கழுத்தை உள்ளே குடையாமல் விடுவார்கள். வெளியே காய்ந்ததாகத் தெரியும், நடுவில் ஈரம் வாரக்கணக்கில் நிற்கும்.

கழுத்து குடைஞ்சதுதான். ரெண்டு வாரம் காய வச்சேன். ஓட்டை மட்டும் போடலை.

சரி, அப்படியானால் காரணத்தை இங்கிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. மூடிய வடிவத்தில் உள்பக்க ஈரம் வெளியேற ஒரே வழி சுவருக்குள்ளாகத்தான். அதனால் உள்ளே காய்வது வெளியே காய்வதை விட மிகவும் தாமதமாகும்.

நடுவில் வர்றேன், மன்னிக்கவும். இருவத்தஞ்சு வருஷமா சூளை ஏத்தறேன். ஓட்டை இல்லாத மூடிய உருண்டையை நல்லா உலர வச்சு, 90 டிகிரியில் ராத்திரி முழுக்க நிறுத்தி சுட்டிருக்கேன், ஒண்ணும் ஆகலை. ஆனா மாணவர் பாத்திரம்னா ஓட்டை போடாம ஏத்த மாட்டேன். யார் எவ்வளவு உலர வச்சாங்கன்னு எனக்குத் தெரியாதே.

இதுதான் நானும் சொல்ல வந்தது, என்னை விட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். பயிற்சி விடுமுறையில் கடைசி நாள் செய்த பாத்திரங்களை அவசரமாக ஏற்றுகிறார்களா என்பதைக் கேளுங்கள். வெடிப்பதில் பெரும்பகுதி அந்த அவசரத்தில்தான் நடக்கிறது.

அப்போ என் பறவைக்கு ஓட்டை போட்டிருந்தா தப்பிச்சிருக்குமா?

தப்பித்திருக்கவும் கூடும். அடுத்ததற்கு அடியில் ஊசியால் ஒரு துளை போடுங்கள், இன்னும் ஒரு வாரம் கூடுதலாகக் காய வையுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் எது காப்பாற்றியது என்று தெரியாமல் போகும், ஆனால் பறவை இருக்கும்.

நெசவுப் பயிற்சிக்கும் இதே கணக்குதானா? மூணு நாளில் ஒரு சால்வை நெய்யலாம்னு போட்டிருக்காங்க.

நெசவு என் துறை இல்லை, ஆனால் தறிக்காரர்களோடு பழகியதில் ஒன்று தெரியும். அங்கே நேரத்தைச் சாப்பிடுவது பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் இழைகள். 40 சென்டிமீட்டர் அகலம், சென்டிமீட்டருக்கு 5 இழை என்றால் 200 இழை. ஒவ்வொன்றையும் இழையைத் தூக்கும் விழுதிலும், இழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சிலும் கோக்க வேண்டும். புதியவருக்கு ஒரு நாள் போய்விடும். ஓர் இழை தவறினால், நெய்ய ஆரம்பித்த பிறகுதான் துணியில் கோடாகத் தெரியும், அவிழ்த்து மறுபடி கோக்க வேண்டும். மூன்று நாளில் சால்வை வருகிறது என்றால் பாவு ஏற்கனவே ஏற்றி வைத்திருக்கிறார்கள். நெய்வது மட்டும் போதும் என்றால் தாராளமாகப் போங்கள். வீட்டுக்கு வந்து தனியாகத் தறி போட நினைத்தால் பாவு ஓட்டக் கற்றுத் தரும் நீண்ட பயிற்சியைத் தேடுங்கள்.

மரவேலைக்கு அஞ்சு நாள்ல ஸ்டூல் செய்யலாமா?

மரவேலை தெரிந்தவரிடம் கேளுங்கள். உளி தீட்டுவதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்பதை மட்டும் மறக்காமல் கேட்டுவிடுங்கள்.

அக்கா, ரெண்டு நாள்ல சக்கரம்...

போதாது.

தொடர்ந்து பத்து நாள் போறது நல்லதா, இல்ல அஞ்சு அஞ்சா பிரிச்சு, நடுவில் ஒரு மாசம் விட்டுப் போறது நல்லதா?

நல்ல கேள்வி. நான் பிரித்துப் போகச் சொல்வேன். முதல் ஐந்து நாளில் செய்தவை நடுவில் உலர்ந்து முதல் சூடும் முடிந்திருக்கும். இரண்டாம் முறை போகும்போது உங்கள் சொந்தப் பாத்திரத்துக்கே கிளேஸ் பூசலாம். எந்த அடி எஸ் வடிவில் விரிசல் விட்டிருக்கிறது என்றும் பார்ப்பீர்கள். அடியைப் போதுமான அளவு அழுத்தாமல் விட்டதன் தடம் அது. தொடர்ந்து பத்து நாள் என்றால் அந்தப் பாடம் கண்ணில் படும் முன்பே நீங்கள் ஊருக்குக் கிளம்பியிருப்பீர்கள்.

ஒரு மாசத்தில் கை மறந்துடாதா? எனக்கு மறந்துடுச்சு.

மறக்கும். இரண்டாம் முறை முதல் அரை நாள் அதற்கே போகும். நடுவில் வாரம் ஒருமுறையாவது மண் தொட வழியில்லாதவர் தொடர்ந்து பத்து நாள் போவதில் தப்பில்லை. ஆனால் கிளேஸ் பூச வேண்டுமானால் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் செய்தவற்றை மட்டும் நம்புங்கள். அதுவும் ஈரப்பதம் அதிகமான காலமாக இல்லாமல் பார்த்துப் போங்கள்.