கட்டிக் கொடுத்த வரி உங்கள் வருமானமா?

"குமுளியில் கடை வைத்திருக்கிறேன். சபரிமலைக்கு வரும் தமிழ்நாட்டு வேன்களுக்குக் கேரள வரியை ஆன்லைனில் என் கைக்காசில் கட்டிக் கொடுத்து, பிறகு வாங்கிக்கொள்கிறேன். வண்டிக்குக் கூலி 200 ரூபாய். போன வருடம் சுமார் 1,000 வண்டி. கூலி 2 லட்சம்தான், ஆனால் வங்கிக் கணக்கில் 38 லட்சம் வந்திருக்கிறது. ஜிஎஸ்டி எடுக்க வேண்டுமா?"

இந்த வேலையை மட்டும் வைத்துப் பார்த்தால் வேண்டாம். சேவைத் தொழிலுக்குப் பதிவு வரம்பு 20 லட்சம். உங்கள் வாடிக்கையாளர்கள் வெளிமாநிலத்துக்காரர்கள் என்றாலும் சேவைக்கு அதே வரம்புதான். அந்த 20 லட்சத்தில் சேர்வது உங்கள் 2 லட்சம் கூலி. மீதி 36 லட்சம் வண்டிக்காரர் கட்ட வேண்டிய வரி, உங்கள் கை வழியாகப் போனது. ஆனால் உங்கள் பான் எண்ணில் வேறு வியாபாரம் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

இதைக் கணக்கில் எப்படிக் காட்டுவது? ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். வரி 3,780 ரூபாய் வந்தது என்று வையுங்கள். கட்டிய அன்றே வண்டிக்காரர் பெயரில் 3,780 பற்று, வங்கியில் வரவு. இதைச் செலவுக் கணக்கில் போடாதீர்கள், அவரிடமிருந்து வர வேண்டிய பாக்கி அது. பில் போடும்போது அவர் பெயரில் இன்னும் 200 பற்று எழுதி, சேவைக் கட்டண வருமானத்தில் வரவு வையுங்கள். அவர் 3,980 அனுப்பியதும் வங்கியில் பற்று, அவர் பெயரில் வரவு. கணக்கு பூஜ்யம். லாப நட்டக் கணக்குக்குப் போனது 200 மட்டும். முதலிலேயே முன்பணம் வாங்கியிருந்தால், வரி கட்டும் வரை அது நீங்கள் அவருக்குத் தர வேண்டிய கடனாக நிற்கும்.

ஜிஎஸ்டி விதி 33 இப்படிப் பணம் கட்டுபவரைத் தூய முகவர் என்கிறது. வண்டிக்காரர் சொல்லித்தான் கட்டியிருக்க வேண்டும். அந்தத் தொகை பில்லில் தனியாகத் தெரிய வேண்டும். கட்டியதைவிட ஒரு ரூபாய்கூட அதிகம் வாங்கக்கூடாது. உங்கள் தொழிலில் ஒரு வசதி, வரி ரசீது வண்டி எண்ணிலேயே வருகிறது. ரசீதோடு, "இந்த வண்டிக்கு, இந்தத் தேதிக்கு வரி கட்டிவிடுங்கள்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காமல் வையுங்கள். அடிக்கடி வரும் டிராவல்ஸ்காரர்களிடம் ஒரு பக்கக் கடிதம் எழுதி வாங்கிவிடுவது நல்லது.

சறுக்குவது பெரும்பாலும் சில்லறையில்தான். கார்த்திகை மாதக் கூட்டத்தில் யார் 20 ரூபாய் சில்லறை தேடுவார்கள்? 4,000 வாங்கிக்கொண்டு பில்லில் 'வரி 3,800, கூலி 200' என்று எழுதிவிடுவார்கள். ரசீதில் 3,780 இருக்கிறது. 20 ரூபாய் லாபம் வைத்ததால் அந்த பில்லில் தூய முகவர் என்ற வாதமே ஆட்டம் காணும். 'வரி 3,780, கூலி 220' என்று எழுதினால் தீர்ந்தது. அந்த 20 ரூபாய் உங்கள் வருமானமாகிவிடும், அவ்வளவுதான்.

பிரிண்ட் காசு, நெட் கட்டணம், ரசீதை வண்டி நிற்குமிடத்துக்குக் கொண்டுபோன ஆட்டோ வாடகை எல்லாம் வேறு கணக்கு. பில்லில் தனியாக எழுதி அதே விலைக்கு வாங்கினாலும் அவை உங்கள் சேவைக்கு நீங்கள் செய்த செலவு. வாங்குவது வருமானம், கொடுத்தது செலவு.

மாதம் ஒரு முறை வண்டிக்காரர் பாக்கிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். யாருடைய பெயரிலாவது வரவு இருப்பு நின்றால், ஒன்று முன்பணம், இல்லையேல் கூடுதலாக வாங்கியிருக்கிறீர்கள். பற்று இருப்பு பழசாகிக்கொண்டே போனால் காசு வரவில்லை. அங்கே ஒரு சிக்கல் உண்டு. வருமான வரியில் வாராக்கடன் என்று கழிக்க, அந்தத் தொகை முன்பு வருமானமாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும். வராத 200 ரூபாய் கூலியை அப்படிக் கழிக்கலாம், ஏனென்றால் அது வருமானத்தில் ஏறியிருக்கிறது. 3,780 ஏறவே இல்லை. அதைத் தொழிலில் ஏற்பட்ட நட்டம் என்றுதான் கேட்க வேண்டியிருக்கும். அதற்கு ரசீதும், பணம் கேட்டு நீங்கள் அனுப்பிய செய்திகளும் கையில் இருக்க வேண்டும். புது ஆள் என்றால் வரித் தொகையை ஜிபே-யில் வாங்கிவிட்டுக் கட்டுங்கள்.