ஐந்து கையெழுத்தும் ஒரு பத்திரமும்

அன்புள்ள ஐயா,

என் தங்கைக்கும் அவள் கணவருக்கும் ஒத்துவரவில்லை. ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேர் உட்கார்ந்து பேசிப் பிரித்துவைத்தார்கள். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். ஆறு வருடம் ஆகிறது. இப்போது வந்திருக்கும் வரன் வீட்டார் கோர்ட் தீர்ப்பு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். பெரியவர்கள் வார்த்தைக்கு மதிப்பே கிடையாதா? எதற்கெடுத்தாலும் கோர்ட் படி ஏறுவதுதான் நாகரிகமா?

கே.

அன்புள்ள கே.,

வரன் வீட்டார் விவரமானவர்கள். நாகரிகம் பற்றிய பட்டிமன்றத்தை வேறு யாரிடமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு, வழக்கத்தின்படி மணமுறிவு பெறும் உரிமையை விட்டுவைத்திருக்கிறது. அதை நம்பித்தான் இந்தப் பத்திரங்களை எழுதுகிறார்கள். ஆனால் அந்தப் பிரிவு பஞ்சாயத்துக்கு எந்த அதிகாரமும் தரவில்லை. கூட்டத்தின் முன் துரும்பு கொடுத்துத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் சில சாதிகளில் இருந்தது. அங்கே மணத்தை முறித்தது அந்த வழக்கம்தான், கூடியிருந்தவர்கள் சாட்சிகள். உங்கள் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் நெடுங்காலமாக, இடைவிடாமல், ஒரே மாதிரி இருந்துவந்தது என்று நிரூபிக்க வேண்டும். யார் யார் இப்படிப் பிரிந்தார்கள், பிறகு மறுமணம் செய்தார்கள், அதை ஊர் ஏற்றதா, பழைய பத்திரம் உண்டா என்று வக்கீல் குடைந்து குடைந்து கேட்பார். ஐந்து பெரியவர்களும் கூண்டில் ஏறி "எங்க வழக்கம் இது" என்றால் போதாது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்பதால் பெரியவர்கள் முன் நடந்த பிரிவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பத்திரத்தைப் பதிவு செய்திருந்தாலும் இதே கதிதான். கையெழுத்து உண்மை என்பதற்கு மேல் பதிவு எதையும் காட்டாது.

வழக்கம் நிற்காவிட்டால் உங்கள் தங்கை இன்றும் அவர் மனைவி. மறுமணம் செல்லாது. முதல் கணவர் புகார் கொடுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை என்கிற குற்றம் அது. பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். ஊர் கூடி வாழ்த்திய கல்யாணம் பின்னால் சொத்து என்று வரும்போது சந்தி சிரிப்பது உண்டு.

சரி, இதெல்லாம் எந்த வக்கீலும் சொல்லிவிடுவார். என்னை உறுத்துவது வேறு. என் பெரியப்பா இப்படிப் பல பஞ்சாயத்துகளில் உட்கார்ந்தவர். நேர்மையானவர், யாரிடமும் காசு வாங்கியதில்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் பத்திரம் எழுத என்னைத்தான் கூப்பிடுவார். அவர் சொல்லச் சொல்ல எழுதுவேன். "இனிமேல் எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஜீவனாம்சம் எதுவும் கேட்க மாட்டேன்." அந்தக் கடைசி வரியை எந்தப் பத்திரத்திலும் விடமாட்டார். எழுதி முடித்ததும் தாளை உள்ளே எடுத்துப்போவார்கள். அந்தப் பெண் அடுப்படியிலோ தாழ்வாரத்திலோ இருப்பாள். யாராவது விரலால் இடத்தைக் காட்டுவார்கள், கையெழுத்து வரும். திண்ணையில் நடந்த பேச்சில் ஒரு வார்த்தைகூட அவளுடையதாக இருக்காது.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பெரியவர்கள் பேசினார்கள், எல்லோரும் கையெழுத்துப் போட்டோம், வரன் வீட்டார் கேட்கிறார்கள். தங்கை என்ன சொன்னாள் என்று ஒரு வரி இருக்கிறதா? அண்ணன்தானே நீங்கள்! அவளிடம் கேட்கவே தோன்றவில்லையா?

ஜீவனாம்ச வரி உங்கள் பத்திரத்திலும் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். அது செல்லாது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125, இப்போது புதிய சட்டத்தில் 144. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வழியில்லாத மனைவிக்கு ஜீவனாம்சம் கேட்கும் உரிமையை அது தருகிறது. மணமுறிவு ஆகி மறுமணம் செய்யாதவளும் அதற்கு மனைவிதான். இந்த உரிமையை எழுதிக்கொடுத்துவிட முடியாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. பெரியவர்கள் எத்தனை நல்லவர்களாக இருந்தாலும் இந்த இடத்தில் கோர்ட் அவர்களைத் தாண்டித்தான் போகும், போகவும் வேண்டும். என் பெரியப்பா இருந்திருந்தால் அவரிடமும் இதையே சொல்லிச் சண்டை போட்டிருப்பேன்.

இனி ஆக வேண்டியது. முன்னாள் மாப்பிள்ளையும் சம்மதித்தால் இருவரும் சேர்ந்து குடும்ப நீதிமன்றத்தில் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் மனு போடலாம். ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், அதற்கு அந்தப் பத்திரமே நல்ல ஆதாரம். பெரியவர்கள் உழைப்பு வீண்போகவில்லை, போதுமா? மனு போட்டபின் ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. நீண்ட நாள் பிரிந்திருப்பவர்களுக்கு அதைத் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர் சம்மதிக்கவில்லை என்றால் அவள் தனியாக வழக்குப் போட வேண்டியிருக்கும்.

எதுவானாலும் வக்கீலிடம் தங்கையை அனுப்புங்கள், நீங்கள் வெளியே உட்காருங்கள். மனுவில் அவள் கையெழுத்துப் போடுமுன் முதல் பக்கத்திலிருந்து படிக்கட்டும். வரன் வீட்டார் காத்திருப்பார்கள். தீர்ப்பு வேண்டும் என்று கேட்டதே அவர்கள்தானே.