அழித்த பதிவும் அழியாத பெயரும்

அன்புள்ள ஐயா,

ஒரு குற்றத்தைச் செய்தவர் இவர்தான் என்று பெயரும் படமும் போட்ட பதிவு எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. 'போலீஸே சொன்னது' என்று இருந்ததால் நம்பி, மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். மறுநாள் அவர் வேறு ஆள் என்று தெரிந்ததும் அழித்துவிட்டேன். இது போதுமா?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

போதாது. ஏன் என்று சொல்ல, 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது 15ஆம் தேதி. 18ஆம் தேதி எஃப்.பி.ஐ. சந்தேக நபர்கள் இருவரின் படங்களை வெளியிட்டது. பெயர் தெரியவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு காணாமல் போயிருந்த ஒரு கல்லூரி மாணவரின் முகம் அதில் ஒருவரைப் போல இருக்கிறது என்று ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் பேச்சு கிளம்பியது. அதுவரை வெறும் ஊகம்தான்.

அன்றிரவு சந்தேக நபர்களைப் போலீஸ் துரத்தியபோது ஏராளமானோர் போலீஸ் வயர்லெஸ்ஸை இணையத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விடியற்காலை 3 மணிக்குச் சற்று முன்பு, 'வயர்லெஸ்ஸில் இரண்டு பெயர்களைச் சொல்லிவிட்டார்கள்' என்று ட்விட்டரில் ஒரு பதிவு. அந்த மாணவரின் பெயர் அதில் ஒன்று. பிறகு ஒலிப்பதிவைத் தேடிக் கேட்டவர்களுக்கு அவர் பெயர் எங்கும் கிடைக்கவில்லை. இன்னொரு பெயரின் கதை இன்னும் விசித்திரம். ஒரு போலீஸ்காரர் ஒருவரின் குடும்பப் பெயரை எழுத்துக்கூட்டும்போது 'எம், மைக் என்ற பெயரில் வரும் எம்' என்கிறார். கேட்டவர்கள் அந்த மைக்கையே ஆளின் முதற்பெயராக்கிவிட்டார்கள். அந்த ஆளுக்கும் குண்டுவெடிப்புக்கும் தொடர்பே இல்லை. ஆனால் பாதி உண்மையாகக் காதில் விழுந்த ஒரு பெயர் பக்கத்தில் இருந்ததால், யாருமே சொல்லாத பெயரும் போலீஸ் சொன்னதாகிவிட்டது. பத்திரிகையாளர்களே அதைப் பகிர்ந்தார்கள். உங்கள் பதிவில் இருந்த 'போலீஸே சொன்னது' என்பதும் இப்படி எங்கோ ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம். எந்த அதிகாரி, எந்த அறிக்கை என்று கேட்டால் பதில் இருக்காது.

காலையில் உண்மையான பெயர்கள் வந்துவிட்டன. அதற்குள் அந்த மாணவரின் குடும்பம் பட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது. மகனைத் தேடுவதற்கென்றே அவர்கள் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் நடத்தி வந்தார்கள். அதில் வசைகள் வந்து குவிய, அதை மூடவேண்டியதாயிற்று. பிள்ளையைத் தேட இருந்த வழியே அடைபட்டுவிட்டது. ரெடிட் நிர்வாகம் பிற்பாடு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. 23ஆம் தேதி அந்த மாணவரின் உடல் ஆற்றில் கிடைத்தது.

சரி, உங்கள் விஷயம். நீங்கள் அழித்தது உங்கள் பதிவை மட்டும்தான். அங்கிருந்து மற்றவர்கள் அனுப்பிய நகல்கள் அப்படியே இருக்கும், அவர்களுக்கு உண்மையும் தெரியாது. அதே மூன்று குழுக்களிலும் எழுதுங்கள்: 'நான் அனுப்பிய பதிவில் இருந்தவர் குற்றவாளி அல்ல. யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.' மறுப்புச் செய்தி இருந்தால் அதையும் இணையுங்கள். அவர் படத்தை மட்டும் மறுபடி போடாதீர்கள். அவசரமாகப் பார்ப்பவர் கண்ணில் அந்த முகமும் குற்றமும்தான் படும், 'அல்ல' படாது.