பலகையில் காட்டும் நிமிடங்களுக்குக் கணக்கு என்ன?

கேள்வி: ஃபுட்பால் மேட்ச் 90 நிமிஷத்துல ஏன் முடியறதில்லை? போர்டுல 10 நிமிஷம்னு காட்டிட்டு 13 நிமிஷம் ஆட விடறாங்களே, அதை யார் முடிவு பண்றாங்க?

பதில்:

முடிவு செய்பவர் மைதானத்துக்குள் இருக்கும் நடுவர். கோட்டுக்கு வெளியே பலகையைத் தூக்கிக் காட்டும் நான்காவது நடுவர் அதை அறிவிப்பவர் மட்டுமே. ஒவ்வொரு பாதியின் கடைசி நிமிடம் முடியும் தறுவாயில், எத்தனை நிமிடம் என்று நடுவர் காதுக்கருவி வழியாகச் சொல்லிவிடுவார். அந்த எண் குறைந்தபட்ச நேரம். விதிப்புத்தகத்தின் 7-வது விதிப்படி நடுவர் அதைக் கூட்டலாம், குறைக்க முடியாது. உங்கள் 10-க்கும் 13-க்கும் இடையிலான வித்தியாசம் அங்கிருந்துதான் வருகிறது.

கால்பந்தில் கடிகாரம் நிற்பதே இல்லை. பந்து வெளியே போனாலும், ஒருவர் அடிபட்டுக் கிடந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். வீணான நேரத்தை நடுவர் தனியாகக் குறித்துவைத்துக்கொண்டு கடைசியில் சேர்க்கிறார். காயம் பட்டவரைப் பார்ப்பது, ஆள் மாற்றுவது, கோல் கொண்டாட்டம், கார்டு காட்டுவது, விஏஆர் என்னும் வீடியோ நடுவர் சோதனை, வெயிலுக்கான தண்ணீர் இடைவேளை, வேண்டுமென்றே இழுத்தடிப்பது எல்லாம் கணக்கில் வரும். சாதாரண த்ரோ-இன், கோல் கிக் வராது. அவை ஆட்டத்தின் இயல்பான பகுதி. அளவுக்கு மீறித் தாமதித்தால்தான் சேர்ப்பார்கள். "ஒரு மாற்றத்துக்கு 30 வினாடி" என்று ரசிகர்கள் போடும் கணக்கும் விதியில் கிடையாது. உண்மையில் எவ்வளவு நேரம் போனதோ அவ்வளவு. இடைவேளையில் ஆள் மாற்றினால் ஒரு வினாடிகூடச் சேராது.

2022 உலகக் கோப்பையில் இங்கிலாந்து 6-2 என்று ஈரானை வென்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்திலேயே ஈரான் கோல்கீப்பர் பெய்ரான்வந்த் சக வீரரோடு மோதி விழுந்தார். நீண்ட சிகிச்சைக்குப் பிறகு எழுந்து ஆடிப் பார்த்தார், முடியவில்லை. மறுபடி ஆட்டம் நின்று மாற்று கோல்கீப்பர் வந்தார். தலையில் அடி என்றால் மருத்துவர் நிதானமாகத்தான் பார்ப்பார். கோல்கீப்பர் என்பதால் அவரை வெளியே அனுப்பிவிட்டு ஆட்டத்தைத் தொடரவும் வழியில்லை. அதற்கு மேல் 35, 43-வது நிமிடங்களில் இரண்டு கோல்கள். முதல் பாதியில் கூடுதலாக 14 நிமிடம் போனது இப்படித்தான்.

இரண்டாம் பாதியில் பலகை காட்டியது 10. அதற்குள் நான்கு கோல்கள் விழுந்திருந்தன, இரு அணியும் ஆட்களை மாற்றியிருந்தன, இங்கிலாந்தின் மக்வையர் ஆட முடியாமல் வெளியேறியிருந்தார். பிறகு அந்தப் பத்து நிமிடத்துக்குள்ளேயே இன்னொரு தடங்கல். ஈரான் வீரரின் சட்டையை இங்கிலாந்தின் ஸ்டோன்ஸ் இழுத்தாரா என்று விஏஆர் கேட்க, நடுவர் ஓரத்துத் திரையில் போய்ப் பார்த்து பெனால்டி கொடுத்தார். பலகையைக் காட்டிய பிறகு வீணாகும் நேரம் பலகை எண்ணில் இருக்க முடியாது, அதையும் மேலே போட வேண்டும். ஈரானின் தரேமி அந்த பெனால்டியை அடித்தது 90+13-வது நிமிடத்தில்.

இதே காரணத்தால்தான், பலகைக்குப் பிறகு முன்னிலையில் உள்ள அணி ஆள் மாற்றி நேரம் ஓட்டுவது பெரிதாக உதவாது. ஆனால் எதிரணியின் வேகம் உடையும், அதற்காகவே செய்கிறார்கள். நடுவர் அதைச் சேர்க்காமல் விசில் ஊதினால்தான் மைதானத்தில் கூச்சல் கிளம்பும். அந்த உலகக் கோப்பையில் இவ்வளவு நேரம் சேர்ந்ததற்குக் காரணம் புது விதி இல்லை. இருந்த விதியையே கறாராகக் கணக்கிடும்படி ஃபிஃபா நடுவர்களிடம் சொல்லியிருந்தது. அதற்கு முன் எது நடந்தாலும் மூன்று, நான்கு நிமிடம் என்று கொடுப்பது ஒரு பழக்கமாகவே இருந்தது என்பேன்.

நேரம் முடிந்தபின் ஆட்டம் நீண்டே ஆக வேண்டிய இடம் ஒன்றுதான்: பெனால்டி. அதை அடித்து முடிக்கும்வரை பாதி முடியாது. கார்னருக்கு அந்தச் சலுகை இல்லை. 1978 உலகக் கோப்பையில் பிரேசிலின் ஜிகோ கார்னரிலிருந்து தலையால் முட்டிப் பந்தை வலைக்குள் அனுப்பினார். பந்து காற்றில் வரும்போதே நடுவர் கிளைவ் தாமஸ் ஆட்டத்தை முடித்திருந்ததால் கோல் கணக்கில் சேரவில்லை, ஸ்வீடனோடு 1-1. விதிப்படி சரி என்றாலும், இன்றைய நடுவர்கள் பெரும்பாலும் அந்தத் தாக்குதல் அடங்கட்டும் என்று காத்திருப்பார்கள்.

முதல் பாதியில் நடுவர் கணக்கைத் தவறவிட்டால் இரண்டாம் பாதியில் சேர்த்து ஈடுகட்டவும் கூடாது. நாக்-அவுட் ஆட்டம் சமனானால் வரும் 30 நிமிட எக்ஸ்ட்ரா டைம் இதிலிருந்து முற்றிலும் வேறு. அதன் இரண்டு 15 நிமிடப் பாதிகளுக்கும் இதே மாதிரி தனித்தனியாகப் பலகை தூக்குவார்கள்.