பாஸ்புக்கில் எட்டாயிரம் இருக்கும் குழுவுக்கு வங்கி எவ்வளவு கடன் தரும்?

"எங்கள் மகளிர் குழு தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது, 12 பேர் இருக்கிறோம். வங்கிக் கணக்கு தொடங்கி மூன்று மாதம்தான் ஆகிறது, அதில் எட்டாயிரம் சொச்சம்தான் நிற்கிறது. இதை வைத்து வங்கியில் கடன் கேட்க முடியுமா? கணக்கு எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எதைச் சரியாகச் செய்ய வேண்டும்?"

முடியும். இன்னும் ஒரு மாதம் பொறுத்து, ஆறாவது மாதக் கூட்டம் முடிந்ததும் கேளுங்கள். ஆறு மாதம் என்பதை வங்கிக் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணக் கூடாது. உங்கள் தீர்மான நோட்டிலும் பேரேட்டிலும் முதல் கூட்டம் எந்தத் தேதியில் பதிவாகியிருக்கிறதோ, அந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வரும் குழுக்களுக்கான ரிசர்வ் வங்கி வழிகாட்டுதலே இப்படித்தான் சொல்கிறது. ஆகவே கணக்கு தாமதமாகத் திறந்ததால் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஆனால் அந்த முதல் இரண்டு மாதக் கூட்டங்கள் நோட்டில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இரண்டு மாதம் உங்களுக்குக் கிடைக்காது.

நான் ஒன்பது ஆண்டுகளாகக் குழுக் கணக்கு எழுதுகிறேன், முதலில் ஒரு குழுவுக்கு, 2022-லிருந்து இன்னொரு குழுவுக்கு. உங்கள் எட்டாயிரத்தைப் படித்ததும் எங்கள் இரண்டாவது குழுவின் ஆறாவது மாதம் ஞாபகம் வந்தது. எங்கள் பாஸ்புக்கிலும் அன்று சரியாக 8,000 ரூபாய்தான். கிளையில் இருந்த அலுவலர் அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு குறைவா இருக்கே" என்றார். நான் பேரேட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன்.

12 பேர், மாதம் 200 ரூபாய் சந்தா, ஆறு மாதத்துக்கு 14,400. அரசிடமிருந்து சுழல் நிதியாக வந்தது 15,000. உறுப்பினர்களுக்குள் கொடுத்த உள்கடனுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி வைத்திருந்தோம், அதில் வந்தது 480. நோட்டு, முத்திரை, ஜெராக்ஸ் செலவு 600. ஆக, வந்ததில் செலவைக் கழித்தால் 29,280. இந்தப் பணம் எங்கே இருக்கிறது? உறுப்பினர்களிடம் உள்கடனாக நிற்பது 21,000, வங்கியில் 8,000, கையிருப்பு 280. கூட்டினால் அதே 29,280. இதுதான் குழுவின் மொத்த நிதி. வங்கி கடனைக் கணக்கிட வேண்டியது இந்தத் தொகையை வைத்துத்தான், பாஸ்புக் இருப்பை வைத்து அல்ல. முதல் கடனுக்கு மொத்த நிதியின் ஆறு மடங்கு அல்லது ஒன்றரை லட்சம், இரண்டில் எது அதிகமோ அது என்பது வழிகாட்டுதல். எங்களுக்கு ஆறு மடங்கு 1,75,680 வந்தது. 8,000-ஐ ஆறால் பெருக்கியிருந்தால் 48,000-தான், கடன் ஒன்றரை லட்சத்தோடு நின்றிருக்கும்.

உள்கடனாக வெளியே போன 21,000-க்குச் சாட்சி கடன் பேரேடு மட்டும்தான். யாருக்கு, எந்தத் தேதியில், எந்தத் தீர்மானத்தின்படி கொடுத்தோம், எவ்வளவு திரும்பி வந்தது என்று அதில் இல்லாவிட்டால் அந்தப் பணத்தை யாரும் குழுவின் நிதியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பாஸ்புக்கில் பணம் குறைவாக இருப்பது குறையே இல்லை. பணத்தை வங்கியில் பூட்டி வைக்காமல் உறுப்பினர்களுக்குள் சுழல விட்ட குழு என்றுதான் அதற்கு அர்த்தம், தர மதிப்பீடு செய்யும்போது அதற்கு மதிப்பெண்ணும் உண்டு.

வங்கி விஷயத்தில் இன்னும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். சேமிப்புக் கணக்கு தொடங்க ஊக்குநர், பிரதிநிதிகள் என்று கையெழுத்துப் போடுகிறவர்களின் ஆவணங்கள் போதும். எல்லா உறுப்பினர்களின் ஆதார் நகல், புகைப்படம் எல்லாம் கடன் வாங்கும்போதுதான் தேவைப்படும். பத்து லட்சம் வரை அடமானமோ ஜாமீனோ கேட்கக் கூடாது. கடன் நிலுவையில் இருக்கிறது என்று குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கவும் கூடாது. உறுப்பினர் ஒருவர் தனியாக வாங்கிய கடனைக் கட்டாமல் வைத்திருக்கிறார் என்ற காரணத்துக்காக மட்டும் குழுவைத் திருப்பி அனுப்பக் கூடாது, ஆனால் அவர் வேண்டுமென்றே கட்டாமல் இருப்பவர் என்றால், அதைக் கட்டி முடிக்கும் வரை குழுக் கடனிலிருந்து அவருக்குப் பங்கு கொடுக்க முடியாது. இதை விண்ணப்பம் போடுவதற்கு முன்னாலேயே அவரிடம் தனியாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் தெரியவந்தால் அவர் மறுமாதமே வரமாட்டார்.

இனி கணக்கு எழுதும் வேலை. நீங்கள் கேட்டதில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

முதல் குழுவில் நான் செய்த தவறிலிருந்து ஆரம்பிக்கிறேன். கூட்டத்தில் பணத்தை வாங்கித் துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வேன். ராத்திரி சமையல் முடித்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு பேரேட்டில் ஏற்றுவேன். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன், கூட்டத்தில் எல்லோரையும் காக்க வைக்க வேண்டாமே என்று. ஒரு மாதம் ஒரு அக்கா கட்டிய 200 ரூபாய் அவருடைய தனிப் பாஸ்புக்கில் இருந்தது, ரொக்கப் புத்தகத்தில் இல்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுக்குப் போய்ப் பேரனை விட்டுப் பாஸ்புக்கை மாதாமாதம் படிக்கச் சொல்வார், எத்தனை கட்டினோம் என்பது விரல் நுனியில் இருக்கும். நான் மொத்தத்தை வாசித்தபோது, "என் கணக்கு இடிக்குதே கண்ணு" என்றார். தேடிப் பார்த்ததில் துண்டுச் சீட்டில் அந்த வரி அடுத்த பக்கத்தில் இருந்தது. 200 ரூபாய்தான், நான் கைக்காசு போட்டுச் சரிசெய்யவில்லை, தவறு எங்கே என்று காட்டித் தீர்மான நோட்டில் எழுதினேன். ஆனாலும் அடுத்த மூன்று நான்கு கூட்டத்துக்கு எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை மாறியிருந்தது.

அன்றிலிருந்து துண்டுச் சீட்டே கிடையாது. பணம் கைக்கு வந்ததும் உறுப்பினரின் பாஸ்புக், பேரேடு, ரொக்கப் புத்தகம் மூன்றிலும் அவர் கண் முன்னாலேயே எழுதுவேன், அதன் பிறகுதான் அடுத்தவரைக் கூப்பிடுவேன். 12 பேருக்கு முக்கால் மணி நேரம் ஆகும், ஆகட்டும். அடித்தல் வந்தால் ஒரே கோடு போட்டுப் பக்கத்தில் சரியான தொகையை எழுதி ஊக்குநரும் நானும் கையெழுத்துப் போடுவோம். ஒயிட்னர் மட்டும் பூசாதீர்கள். தணிக்கைக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். கடைசியாக அன்றைய மொத்த வரவு, செலவு, கையிருப்பு மூன்றையும் உரக்க வாசித்துவிட்டு, பணத்தை யார் எடுத்துப்போய் வங்கியில் கட்டப்போகிறார் என்று பெயரோடு எழுதிக் கையெழுத்து வாங்குவோம்.

கடன் வந்த பிறகு கவனிக்க வேண்டியது அசலும் வட்டியும். எங்கள் குழுவில் ஒருவர் வங்கிக் கடனிலிருந்து 20,000 வாங்கினார். மாதம் 1,000 அசல், மீதிக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, 20 மாதம். முதல் மாதம் 1,200 கட்ட வேண்டும், அடுத்த மாதம் 1,190, அதற்கடுத்து 1,180. புதிதாக எழுதுகிறவர்கள் இந்த 1,200-ஐ அப்படியே அசலில் கழித்துவிடுவார்கள். நோட்டில் பாக்கி 18,800 என்று நிற்கும், உண்மையில் 19,000. முதல் மாதம் 200 ரூபாய் வித்தியாசம் யார் கண்ணிலும் படாது. ஆனால் 20 மாதத்துக்கு மொத்த வட்டி 2,100. நோட்டுப்படி அவர் கடன் பதினெட்டாவது மாதமே முடிந்துவிடும், வங்கிக்கோ பாக்கி இருக்கும். எட்டுப் பேருக்கு இப்படி எழுதியிருந்தால் 16,800 ரூபாய் குறையும், எல்லோருமே தவணை தவறாமல் கட்டியிருப்பார்கள், பணம் மட்டும் போதாது. பிறகு யார் எடுத்தது என்ற பேச்சு வரும். அதனால் கடன் பேரேட்டில் அசல், வட்டி, பாக்கி அசல் என்று மூன்று கட்டம் தனித்தனியாக வேண்டும். ஒரு மாதம் ஒருவர் கட்டாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடாமல் சுழியம் போட்டு, சேர்ந்த வட்டியையும் எழுதுங்கள்.

பணத்தைப் பிரிக்கும்போது ஆளுக்குச் சமமாகப் பங்கு போடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆடு வாங்குகிறவருக்கும் பள்ளிக் கட்டணம் கட்டுகிறவருக்கும் தேவை ஒன்றில்லை, கட்டும் சக்தியும் ஒன்றில்லை. கடன் குழுவின் பெயரில் இருப்பதால் ஒருவர் கட்டாததை மற்ற பதினொரு பேரும்தான் சுமக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு, எதற்கு என்று தீர்மானம் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகே பணம் கை மாற வேண்டும்.

இன்னொன்று. மூன்று பேரில் இருவர் கையெழுத்துப் போட்டால் பணம் எடுக்கலாம் என்றுதான் பெரும்பாலும் தீர்மானம் போடுவோம். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு வங்கிக்கு வர நேரம் இருக்காது, அதனால் வெற்று ரசீதில் முன்கூட்டியே நாலைந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் அப்படிப் போட்டு வைத்த ரசீதில்தான் 18,000 ரூபாய் போனது. பாஸ்புக்கை மூன்று மாதம் யாரும் வரவு வைத்து வாங்காததால் அது தெரியவே இல்லை. வெற்று ரசீதில் கையெழுத்து வேண்டாம் என்று நீங்களே முதலில் மறுத்துவிடுங்கள், ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் பாஸ்புக்கை அச்சிட்டு எடுத்து வந்து எல்லோர் கையிலும் ஒருமுறை கொடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஒரு மாலை உட்கார்ந்து, நான் மேலே போட்ட அந்த இரண்டு பக்கக் கூட்டலை உங்கள் ஐந்து மாதத்துக்கும் போட்டுப் பாருங்கள். வந்தது ஒரு பக்கம், இருப்பது ஒரு பக்கம். இரண்டும் இடித்தால் கடைசி மாதத்திலிருந்து பின்னோக்கி, மாதம் மாதமாகக் கூட்டிக்கொண்டே போங்கள். எந்த மாதத்தில் இரண்டும் சரியாக வருகிறதோ, தவறு அதற்கடுத்த மாதத்தில் இருக்கிறது. அதைக் கூட்டத்தில் சொல்லி, தீர்மானமாக எழுதிவிட்டு வங்கிக்குப் போங்கள்.