"காசில்லை" என்பதற்குப் பதிலாகப் பொத்தான்களை எண்ணிக் காட்டுங்கள்

கேள்வி: என் 10 வயது மகள் கியர் வைத்த சைக்கிள் கேட்கிறாள். காசில்லை என்றேன். அதே வாரம் என் போன் உடைந்து புதிது வாங்கினேன். "பொய்தானேம்மா சொன்னே" என்கிறாள். எப்படிப் புரிய வைப்பது?

பதில்: அவள் கேட்டது நியாயம். கையில் பணமே இல்லாதது ஒன்று. இருக்கிற பணத்துக்கு வேறு வேலை இருப்பது இன்னொன்று. "காசில்லை" என்ற ஒரே சொல்லில் இரண்டையும் போட்டுக் குழப்பிவிடுகிறோம். அதனால் முதலில் அதைத் திருத்திச் சொல்லுங்கள்: "காசில்லைன்னு சொன்னது தப்புதான். காசு இருந்துச்சு. போன் இல்லாம வேலை பார்க்க முடியாது, அதனால அதை முதல்ல வச்சேன்." இத்தனை போதும், மன்னிப்பை நீட்ட வேண்டாம்.

பிறகு ஒரு விடுமுறை நாளில் 20 பொத்தான்களை மேசையில் கொட்டுங்கள். அதுதான் வீட்டின் ஒரு மாத வருமானம். உண்மையான சம்பளத் தொகையைச் சொல்லத் தேவையில்லை. எந்தச் செலவு எவ்வளவு பெரிது என்பது தெரிந்தால் போதும். வாடகைக்கு 6, சாப்பாட்டுக்கு 5, பள்ளிக்கு 3, கடனுக்கு 2, போக்குவரத்துக்கு 1, மின்சாரத்துக்கும் போனுக்கும் 1, அவசரத்துக்கு 1. இது ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் வீட்டுக் கணக்குப்படி மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குவியலையும் அவளே எண்ணி நகர்த்தட்டும். கடைசியில் மேசையில் 1 பொத்தான் மிஞ்சும். சைக்கிளின் விலை 8 பொத்தான்.

இங்கே வாயை மூடிக்கொள்வது முக்கியம். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் பிரசங்கத்தைத் தொடங்கிக் காரியத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். அவளே வழி தேடட்டும். "கடன்ல இருந்து எடுக்கலாமே" என்பாள். அது முன்பே வாங்கிவிட்ட பொருளுக்கான பொத்தான், இனி நம்முடையது இல்லை என்று சொல்லுங்கள். "அவசரத்துக்கு வச்சது?" என்பாள். புது போன் அதிலிருந்துதான் வந்தது என்று காட்டுங்கள். மிஞ்சிய பொத்தானை மாதாமாதம் எடுத்துவைத்தால் 8 மாதம். அதுவரை அந்தப் பொத்தானில் போய்வந்த வெளியூர்ப் பயணமும் சினிமாவும் இருக்காது. வேறொருவர் ஓட்டிய நல்ல சைக்கிள் 3 பொத்தானுக்குக் கிடைத்தால் 3 மாதம். ஆனால் கியர் இருக்காது. எதை விட்டு எதை எடுப்பது என்பதை அவள் சொல்ல வேண்டும். முடிவைத் தாளில் எழுதி ஒட்டுங்கள். அவள் தேர்ந்த பிறகு மனம் இரங்கி நடுவில் வாங்கிக் கொடுத்துவிட்டால், அடம்பிடித்தால் கணக்கு மாறும் என்பதைத்தான் கற்றுக்கொள்வாள்.

அடுத்தது, எச்சரிக்கையாகவே சொல்கிறேன்: வட்டியில்லாத் தவணை. விற்பவர் உங்களை விட்டுவிட்டுப் பிள்ளையிடம் பேசுவார்: "இன்னைக்கே ஓட்டிட்டுப் போகலாம் பாப்பா." வட்டி இல்லை என்பார், செயலாக்கக் கட்டணம் இருக்கலாம், ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி இதற்குக் கிடைக்காமல் போகலாம். தொகையை மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள், எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். அதையும் மேசையிலேயே போட்டுக் காட்டலாம்: 8 பொத்தான் சைக்கிளுக்கு 9 பொத்தான் போகிறது. அதைவிட மோசம், 9 மாதத்துக்கு மிஞ்சும் பொத்தானே கிடையாது. மூன்றாம் மாதம் அவசரப் பொத்தானும் செலவாகி, இன்னொன்று பழுதானால் எடுக்க எதுவுமில்லை. பள்ளியில் வட்டிக் கணக்குப் போடக் கற்றாலும், ஒரு தவணைப் படிவத்தை வாசிக்கப் பிள்ளை பழகாமலே போகலாம். அந்த வேலையும் பெற்றோர் தலையில்தான்.

கடையில் நிற்கும்போது இந்த விளக்கம் எதுவும் வேண்டாம். "இது இந்த மாதக் கணக்கில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கலாம்" என்ற ஒரு வரி போதும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் உட்காருங்கள்.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் பொத்தான்களை எடுக்காதீர்கள்: வேலை போய், அல்லது நோய் வந்து, வாடகைக்கே பொத்தான் போதாத காலம். மிஞ்சுவதில் எதைத் தேர்வது என்று பழக்கத்தான் இந்தக் கணக்கு. மிஞ்சவே மிஞ்சாதபோது பிள்ளை தேர்வதற்கு எதுவுமில்லை, பயம்தான் மிஞ்சும். அப்போது எது மாறும், எது மாறாது என்பதை மட்டும் சொல்லுங்கள்: "இப்போ புதுசா எதுவும் வாங்க முடியாது. சாப்பாடு இருக்கும், பள்ளிக்கூடம் போவ, இதைச் சமாளிக்கிறது பெரியவங்க வேலை." உறுதியாகத் தெரியாததை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள், வீடு மாற வேண்டியிருக்கும் என்றால் மாறாது என்று சொல்லக் கூடாது. உண்டியலைக் கொண்டுவந்து நீட்டினால் வாங்காதீர்கள். கிழிந்த செருப்பை மறைக்கிறாள், பள்ளியில் கேட்ட நோட்டைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்கிறாள் என்றால், அதைப் பொறுப்பு வந்துவிட்டதாக எண்ணிப் பாராட்டாதீர்கள். பயம் ஏறிவிட்டது என்று பொருள். நோட்டை அன்றே வாங்கிக் கொடுங்கள், அது கணக்கில் முன்பே இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.