எட்டுத் தவணைக்குப் பிறகு கடனை முடித்தால் எவ்வளவு வட்டி குறையும்?

"யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 3 லட்சம் கடன், வட்டி 78,000, மாதம் 31,500 படி 12 தவணை. எட்டுக் கட்டிவிட்டேன். இப்போது முடித்தால் வட்டியில் 26,000 குறையாதா? கம்பனி 10,000 மட்டும் என்கிறது."

கம்பனி 78 விதிப்படி கணக்குப் போட்டிருக்கிறது. 12 முதல் 1 வரை கூட்டினால் 78. முதல் மாதத்துக்கு வட்டியில் 12 பங்கு, அடுத்ததுக்கு 11, கடைசிக்கு ஒரு பங்கு. உங்களுக்கு மிச்சம் 4+3+2+1, அதாவது 10 பங்கு. பங்குக்கு 1,000 ரூபாய் என்றால் கழிவு 10,000. நான்கு தவணை 1,26,000. கட்ட வேண்டியது 1,16,000.

வட்டி மாதாமாதம் ஒரே அளவு என்று நினைத்ததால்தான் 26,000 வந்தது. ஆரம்பத்தில் முதல் முழுவதும் உங்கள் கையில் இருந்தது, வட்டியும் அப்போதுதான் அதிகம். குறையும் நிலுவைக்கு வட்டி போட்டாலும் ஏறத்தாழ 1,15,000 வரும். ஆக இந்த விதியால் உங்களுக்கு நட்டம் ஆயிரம் ரூபாய் அளவுதான். நான்கைந்து வருடக் கடன் என்றால் இந்த வித்தியாசம் நன்றாகவே கடிக்கும்.

அப்புறம், திகதியைக் கவனியுங்கள். ஒன்பதாம் தவணை நாள் தாண்டினால் மிச்சம் 6 பங்குதான், கழிவும் 6,000 ஆகிவிடும். கழிவு முறை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முன்கூட்டி முடிப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் காசு கட்ட முதல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.